விடைக்குறிப்பை மூடிவைத்துவிட்டு விடைத்தாளைப் படியுங்கள்

பயிற்சித் தேர்வு நடத்தி, மாணவர்கள் செல்போனில் படமெடுத்து அனுப்பும் விடைத்தாள்களைத் திருத்தித் தரவரிசை வெளியிடும் ஆசிரியர்களுக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் வணக்கம்.

நானும் இதே வேலையில் இருப்பதால், உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். தேர்வு முடிந்த அன்றே படங்கள் வந்து குவியும். மறுநாளே பட்டியல் வேண்டும் என்று கேட்பார்கள். அந்த அவசரத்தில் நெகட்டிவ் மார்க் போடுவதில் நடக்கும் ஒரு தவறு, கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளைகளின் இடத்தைப் பட்டியலில் மாற்றிவிடுகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நெகட்டிவ் மார்க் உள்ள தேர்வில் ஒரு கேள்விக்கு மூன்று முடிவுகள் உண்டு: சரி, தவறு, விடை அளிக்கவில்லை. திருத்தும் மேசையில் இது பல சமயம் இரண்டாகச் சுருங்கிவிடுகிறது. விடைக்குறிப்போடு பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால் தவறு. காலியாக விட்ட கட்டமும் பொருந்தாது, அடித்துத் திருத்திய கட்டமும் பொருந்தாது, படத்தில் நிழல் விழுந்து தெரியாமல் போன கட்டமும் பொருந்தாது. எல்லாவற்றுக்கும் ஒரே கழிவு.

பெரும்பாலும் இது யாரோ வேண்டுமென்று செய்வது இல்லை. எக்செல்லில் போடும் ஒரு வரிதான் காரணம். B பத்தியில் மாணவரின் விடை, C பத்தியில் விடைக்குறிப்பு என்று வைத்துக்கொண்டு, சரிக்கு 3, தவறுக்கு 1 கழிவு என்ற தேர்வுக்கு இப்படி எழுதிவிடுகிறோம்:

```
=IF(B2=C2,3,-1)
```

B2 காலியாக இருந்தால் அது C2-க்குச் சமமில்லை. எனவே −1 விழும். சூத்திரம் சொன்னதைச் செய்கிறது. நாம்தான் மூன்றாவது முடிவைச் சொல்லவே இல்லை. கையால் திருத்துபவர்களும் இதே தவறை வேறு வழியில் செய்கிறார்கள். சரியானவற்றை எண்ணி, மொத்தத்திலிருந்து கழித்து, மீதியைத் தவறு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மீதிக்குள் காலியும் அடங்கியிருக்கிறது.

காலிக்குக் கழிப்பது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. நான்கு விருப்பங்கள், சரிக்கு 3, தவறுக்கு 1 கழிவு என்று ஏன் வைக்கிறோம்? ஒன்றுமே தெரியாமல் குத்துமதிப்பாக எழுதுகிறவருக்கு நான்கில் ஒரு முறை 3 கிடைக்கும், மூன்று முறை 1 போகும். கூட்டினால் பூச்சியம். அதாவது ஊகித்து எழுதினாலும் காலியாக விட்டாலும் சராசரியில் ஒன்றுதான். தெரிந்தவருக்கு மட்டுமே லாபம். இப்போது காலிக்கும் 1 கழித்துப் பாருங்கள். காலியாக விட்டால் நிச்சயமாக 1 போகிறது, கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் சராசரியில் ஒன்றும் போவதில்லை. தெரியாததை விட்டுவிடுங்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு, விட்டதற்குத் தண்டனை கொடுக்கிறோம். அந்தப் பட்டியலைப் பார்க்கிற மாணவர், அடுத்த தேர்வில் தெரியாததையும் எழுதப் பழகுவார். அந்தப் பழக்கத்தோடு உண்மையான தேர்வுக்குப் போவார்.

சரி, காலிக்குப் பூச்சியம் என்பது புரிந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. புகைப்படத்தில் எது காலி என்று சொல்வதே பாதி வேலை.

வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம், அதற்குள் அ, ஆ, இ, ஈ என்று எழுத வேண்டும் என்ற வகை விடைத்தாளை எடுத்துக்கொள்வோம். பென்சிலில் எழுதி, பிளாஷ் போட்டுப் படமெடுத்தால் கரி ஒளியைத் திருப்பி அடிக்கும். அந்த இடத்தில் எழுத்து வெளுத்து, கட்டம் காலி போலத் தெரியும். பக்கத்தில் உள்ள எழுத்துகளும் வெளிறியிருந்தால் அது காலி இல்லை, வெளிச்சம். இன்னொரு பக்கம், மெல்லிய தாளில் பின்பக்கத்து மை ஊறி, உண்மையிலேயே காலியான கட்டத்தில் ஏதோ எழுதியிருப்பது போலத் தோன்றும். அது கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓரம் வெட்டுப்பட்ட படத்தில் கடைசிப் பத்தியே இருக்காது. படத்தில் இல்லாத கட்டம் வேறு, மாணவர் விட்ட கட்டம் வேறு. முதலாவதற்கு வேறு படம் கேட்க வேண்டும். பூச்சியம் போட்டு நகரக்கூடாது.

மாணவர்கள் காலியை வெறுமையாகவே விடுவதும் இல்லை. சிலர் சிறு கோடு போடுவார்கள். பிறகு வந்து எழுதலாம் என்று ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். கோடும் புள்ளியும் விடை இல்லை. நான்கு எழுத்துகளில் ஒன்றாகப் படிக்க முடிந்தால்தான் அது விடை.

காலியால் வரும் இன்னொரு ஆபத்து கேள்விகளையே இடம் மாற்றிவிடும். ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டச்சு செய்யும்போது, "இ, அ, ஈ…" என்று எழுத்துகளை மட்டும் வாசித்துப் போனால், காலிக்கட்டத்தில் வாசிப்பவர் ஒன்றும் சொல்லாமல் தாண்டுவார். தட்டச்சு செய்பவர் அடுத்த எழுத்தை அந்த இடத்தில் போட்டுவிடுவார். அங்கிருந்து கீழே எல்லாம் ஒரு வரிசை மேலே ஏறிவிடும். சரியான ஒரு விடை இப்படி இடம் மாறித் தவறானால் இழப்பு 4 மதிப்பெண்: வர வேண்டிய 3 போகிறது, கூடவே 1 கழிகிறது. அதுவரை நன்றாக வந்த தாளில் ஓரிடத்திலிருந்து திடீரென்று தவறுகள் வரிசையாக விழுந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் தட்டச்சை. வரிசை எண்ணையும் சேர்த்து வாசித்தாலே இது நின்றுவிடும்: "பதினாறு, இ. பதினேழு, காலி. பதினெட்டு, அ."

இனி, அடித்துத் திருத்திய விடைகள். எனக்கு உங்களிடம் வாதாட வேண்டியது இங்கேதான் அதிகம்.

அ, ஆ என்ற இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். அ எழுதிய மாணவர் மனம் மாறி ஆ ஆக்க நினைத்தால், அடித்துவிட்டுப் புதிதாக எழுத மாட்டார். கீழே ஒரு சுழியைச் சேர்த்துவிடுவார். அவ்வளவுதான் திருத்தம். இப்போது அந்தத் தாளைச் சாய்வாகப் படமெடுத்து, அளவைச் சுருக்கி அனுப்பினால், முதலில் காணாமல் போவது அந்தச் சுழிதான். கட்டத்தின் அடிக்கோட்டோடு அது ஒட்டிக்கொள்ளும். அதனால் புகைப்படத்தில் ஆ என்பதை அ என்று படிக்கும் பிழைதான் நடக்கும்; அ என்பதை ஆ என்று படிப்பது அரிது. ஒரே பக்கமாகச் சாயும் பிழை இது. எனவே படம் மங்கலாக இருந்தால் அ என்று தெரியும் கட்டங்களை மட்டும் பெரிதாக்கி, அடிக்கோட்டின் மேல் மை தடித்திருக்கிறதா என்று இரண்டாம் முறை பார்ப்பது வீண் வேலை ஆகாது.

இதைப் பார்க்கும்போது விடைக்குறிப்பு கண்முன் இருக்கவே கூடாது. சரியான விடை அ என்று தெரிந்திருந்தால், அந்தச் சுழி பேனா வழுக்கியதாகத் தோன்றும். சரியான விடை ஆ என்றால், அதே சுழி தெளிவான திருத்தமாகத் தோன்றும். நல்ல மாணவர் என்று நாம் நினைப்பவருக்கு ஒரு கண், மற்றவருக்கு இன்னொரு கண் என்று ஆகிவிடும். நாம் நேர்மையானவர்கள் என்பதால் இது நடக்காமல் போகாது. ஆகவே என் முதல் கோரிக்கை: படிப்பதையும் மதிப்பெண் போடுவதையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துவிடுங்கள். மாணவர் என்ன எழுதியிருக்கிறார் என்பதை முழுத் தாளுக்கும் முடிவு செய்து பதிந்த பிறகே விடைக்குறிப்பைத் திறங்கள்.

பதியும்போது நான் எண்களைப் பயன்படுத்துகிறேன். அ 1, ஆ 2, இ 3, ஈ 4. விடை அளிக்காதது 0. அடிக்காமல் இரண்டு விடைகள் எழுதியது 8. படத்தை வைத்து முடிவு செய்ய முடியாதது 9. எந்தக் கட்டமும் வெறுமையாக விடப்படுவதில்லை. வெறுமையாக இருந்தால் நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை என்று பொருள். விடைக்குறிப்பைத் திறந்த பிறகு C பத்தியிலும் இதே எண்களைத்தான் போட வேண்டும். அப்புறம் சூத்திரம் இப்படி மாறும்:

```
=IF(B2="","",IF(B2=9,"காத்திரு",IF(B2=0,0,IF(B2=C2,3,-1))))
```

0 போட்டால் பூச்சியம். 9 போட்டால் எண் வராது, "காத்திரு" என்று நிற்கும். 8 எந்த விடைக்குறிப்போடும் பொருந்தாது, ஆகவே −1.

ஒரு தாளை முழுதாகப் பார்ப்போம். 60 கேள்விகள். 46 கட்டங்களில் ஒரே விடை, தெளிவாக இருக்கிறது. 9 கட்டங்கள் விடை அளிக்காதவை. அவற்றில் ஒன்றில் சிறு கோடு மட்டும். மீதி 5 கட்டங்களில் அடித்தல் திருத்தல்.

7ஆம் கேள்வியில் ஆ என்று எழுதி, குறுக்கே அடித்து, பக்கத்தில் இ எழுதியிருக்கிறார். இதில் குழப்பமே இல்லை, விடை இ. 18ஆம் கேள்வியில் அ எழுதி, கீழே சுழி சேர்த்திருக்கிறார். பெரிதாக்கினால் சுழி மற்ற கோட்டைவிடக் கறுப்பாக, முழுச் சுற்றாக இருக்கிறது. வழுக்கல் இப்படிச் சுற்றி வராது. விடை ஆ. 23ஆம் கேள்வியில் ஒரு எழுத்தின் மேலேயே இன்னொன்றை அழுத்தி எழுதியிருக்கிறார். இ மேல் ஈயா, ஈ மேல் இயா என்று இந்தப் படத்தில் சொல்ல முடியவில்லை. 9. 41ஆம் கேள்வியில் அ, ஈ இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, எதையும் அடிக்கவில்லை. 8. 52ஆம் கேள்வியில் ஈ எழுதி அடித்துவிட்டு, வேறு எதுவும் எழுதவில்லை. விடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்றுதான் இதைப் படிக்க வேண்டும். 0.

இப்போது விடைக்குறிப்பைத் திறக்கலாம். தெளிவான 46-இல் 34 சரி, 12 தவறு: 102-இல் 12 போக 90. காலியான 9-க்கு ஒன்றும் இல்லை. 7ஆம் கேள்விக்கு இ சரி, 93. 18ஆம் கேள்விக்குச் சரியான விடை அ. இவர் திருத்தி ஆ ஆக்கியிருக்கிறார், 92. முதலில் சரியாக எழுதிவிட்டுத் தவறாக மாற்றியிருக்கிறாரே என்று மனம் கஷ்டப்படும். ஆனாலும் அவருடைய கடைசி முடிவு ஆ தான். 41க்கு 1 கழிந்து 91. 52க்குப் பூச்சியம். ஆக 91, 23ஆம் கேள்வி மட்டும் நிலுவையில்.

23க்கு என்ன செய்வது? "என்னப்பா எழுதினாய்?" என்று மாணவரைக் கேட்காதீர்கள். விடைக்குறிப்பு வெளியாகியிருந்தால், அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் சுமையை ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றுகிறோம். கேட்க வேண்டியது படம் மட்டும்: நேர் மேலிருந்து, பிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், அந்தக் கட்டத்தோடு சுற்றியுள்ள சில வரிசைகளும் தெரியும்படி. சுற்றியுள்ள வரிசைகள் எதற்கு என்றால், முதல் படத்தோடு ஒப்பிட்டு, தாளில் இடையில் எதுவும் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்கு. முதலில் அனுப்பிய படம்தான் ஆவணம்; இரண்டாவது அதைத் தெளிவாகப் படிக்க உதவும், அதற்குப் பதிலாக ஆகாது. இந்தத் தாளில் இரண்டாவது படத்தில் ஈயின் கோடுகள் இயின் மேல் ஓடுவது தெரிந்தது. விடை ஈ, சரியான விடை இ. 1 கழிவு. இறுதி மதிப்பெண் 90.

சரிபார்க்க: சரி 35, தவறு 15, விடை அளிக்காதது 10. கூட்டினால் 60 வருகிறது. 105-இல் 15 போக 90. இந்த மூன்று எண்களும் கூடி மொத்தக் கேள்விகளின் எண்ணிக்கை வராத தாளை வெளியே விடாதீர்கள்.

இதே தாளை, அடித்துத் திருத்திய ஐந்தையும் வெறுமையாக விட்டு, பழைய சூத்திரத்தில் போட்டால் 34 சரி, 26 தவறு, மதிப்பெண் 76. பதினான்கு மதிப்பெண் குறைவு. எழுதியவர் அதே மாணவர்தான்.

41ஆம் கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை. அடிக்காமல் இரண்டு விடை எழுதினால் கழிப்பதா, பூச்சியம் போடுவதா என்பதில் நீங்கள் என்னிடமிருந்து வேறுபடலாம். பூச்சியம் போட்டாலும் யாரும் அதை வைத்து லாபம் பார்க்க முடியாது, காலியாக விட்டதற்குச் சமம்தான். இரண்டில் ஒன்று சரியாக இருந்தால் முழு மதிப்பெண் கொடுப்பதை மட்டும் ஒருபோதும் செய்யக்கூடாது. அப்படிக் கொடுத்தால், எதுவும் தெரியாதவர் எல்லாக் கேள்விக்கும் இரண்டு விடை எழுதலாம். பாதி முறை 3 வரும், பாதி முறை 1 போகும், ஒரு கேள்விக்குச் சராசரியாக 1 மதிப்பெண் சும்மா கிடைக்கும். கழிவு என்றால் அதைக் கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் விட்டிருந்தால், அந்தத் தேர்வுக்கு மட்டும் பூச்சியம் போடுவதே நியாயம் என்பது என் கருத்து. அடித்ததும் எழுதாததும் எப்படிப் படிக்கப்படும் என்பதையும் அதே பக்கத்தில் இரண்டு வரியில் சொல்லிவிடலாம்: மாற்ற வேண்டுமானால் பழையதைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் புதிதாக எழுதவும், எழுத்தின் மேல் எழுத வேண்டாம். இந்த ஒரு வரி இருந்தால் உங்களுக்கு வரும் 9-கள் பெருமளவு குறையும்.

கழிவு மூன்றில் ஒரு பங்காக இருக்கும் தேர்வுகளில், அதாவது ஒரு மதிப்பெண் கேள்விக்கு மூன்று தவறுக்கு ஒன்று என்று வைத்திருக்கும் இடங்களில், ஒவ்வொரு தவறுக்கும் 0.33 என்று போடாதீர்கள். 17 தவறுக்கு அப்படிப் போட்டால் 5.61 கழியும், 17-ஐ 3-ஆல் வகுத்தால் 5.67. பட்டியலில் நெருங்கி நிற்கும் இருவரின் இடம் மாற இந்த வித்தியாசம் போதும். தவறுகளை எண்ணி, கடைசியில் ஒரே முறை வகுங்கள்.

மாணவருக்கு மதிப்பெண் மட்டும் அனுப்பாமல், சரி, தவறு, விடை அளிக்காதது, நிலுவை என்ற நான்கு எண்களையும், அடித்துத் திருத்திய ஒவ்வொரு கேள்வியையும் நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். "18: ஆ என்று படிக்கப்பட்டது" என்று ஒரு வரி போதும். ஆட்சேபம் இருந்தால் எந்தக் கட்டத்தில் என்று அவரால் சொல்ல முடியும். முழுத் தாளையும் மறுபடி திருத்தச் சொல்லிச் சண்டை வராது.

கடைசியாக, ஏற்கெனவே வெளியிட்ட பட்டியல்கள். உங்கள் தேர்விலும் 60 கேள்வி, 3-க்கு 1 கழிவு என்று இருந்தால், விடைத்தாள்களைத் திறக்காமலே ஒரு சோதனை செய்யலாம். காலிக்கும் கழித்திருந்தால், மதிப்பெண் என்பது சரியான விடைகளின் 4 மடங்கில் 60 குறைவாக இருக்கும். அதாவது ஒவ்வொருவர் மதிப்பெண்ணும் 4-ஆல் மீதியில்லாமல் வகுபடும். முறையாகத் திருத்திய பட்டியலில் 90, 83, 101 என்று எல்லா வகை எண்களும் கலந்து வரும். உங்கள் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை எல்லாமே 76, 80, 84, 92 என்று 4-இன் மடங்குகளாகவே இருந்தால், எல்லோரும் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதிய தேர்வாக இல்லாதவரை, அந்தச் சூத்திரம்தான் உள்ளே இருக்கிறது. அப்படி இருந்தால் தயவுசெய்து அந்தப் பட்டியலைத் திரும்பப் பெறுங்கள். படங்கள் இன்னும் உங்களிடம்தான் இருக்கும். காலிக்கட்டங்களுக்கு 0 பதிந்து, அடித்துத் திருத்தியவற்றை மட்டும் விடைக்குறிப்பு இல்லாமல் மறுபடி படித்து, புதிய பட்டியலை, எதனால் மாறியது என்ற விளக்கத்தோடு, பழையதை வெளியிட்ட அதே இடத்தில் போடுங்கள்.

அன்புடன்,
விடைத்தாள் திருத்தும் ஓர் ஆசிரியர்